தோற்ற அணிக்குக் கிடைக்கும் ஒரு நிமிடம்

பள்ளி விவாதப் போட்டியில் முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு, சில இடங்களில் தோற்ற அணியிலிருந்து ஒருவரை அழைத்து நன்றி சொல்லச் சொல்வார்கள். கிடைப்பது ஒரு நிமிடம்தான். அழுகை தொண்டையில் நிற்கும்போது பேச வேண்டிய நிமிடம் அது. யாருக்கு, எதற்காக நன்றி என்பது தெளிவாக இருந்தால் அந்த நிமிடம் தடுமாறாது.

அதற்கு, நடுவர்கள் என்ன செய்தார்கள் என்பது முதலில் புரிய வேண்டும். 1988-இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையைப் பல நாட்டுப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. அணிக்கு மூவர் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். பிறகு ஒவ்வோர் அணிக்கும் நான்கு நிமிடத் தொகுப்புரை உண்டு. ஆக, நடுவர்கள் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்கள். கருத்து, பேசும் முறை, உத்தி ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக முடிவெழுதிய பிறகே கூடிப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது எந்தக் கட்சி உண்மை என்பதல்ல; அன்று எந்த அணி நன்றாக வாதாடியது என்பதே. நம் பட்டிமன்றங்களில் நடுவர் தலைப்புக்கே தீர்ப்புச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. அதனால்தான் தோற்ற மாணவர், “இருந்தாலும் எங்கள் கருத்தே சரியென்று நம்புகிறோம்” என்று முடித்துவிடுகிறார். அவர் எந்தப் பக்கம் பேசுவது என்பதையே பெரும்பாலும் போட்டிதான் முடிவு செய்திருக்கும். அந்த ஒரு வரியில் நன்றியுரை ஒன்பதாவது வாதமாக மாறிப்போகிறது.

நன்றி தீர்ப்புக்கு அல்ல, தீர்ப்பின் விளக்கத்துக்கு. முடிவை அறிவித்ததும் தலைமை நடுவர் சில நிமிடங்கள் காரணம் சொல்வார். அதில் ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, அதையே திருப்பிச் சொல்லி நன்றி கூறினால், அந்த மாணவர் உண்மையிலேயே கேட்டிருக்கிறார் என்பது அவைக்குத் தெரியும். எடுத்துக்காட்டாக, ‘தொடக்கப் பள்ளிகளில் வீட்டுப்பாடம் கூடாது’ என்ற தலைப்பில், கூடாது என்று வாதாடிய அணி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றதாகக் கொள்வோம். இரண்டாவதாகப் பேசிய மாணவி இப்படிச் சொல்லலாம்:

“அவைத் தலைவர் அவர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம். வீட்டுப்பாடத்தை நிறுத்தினால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு எங்கள் அணி பதில் சொல்லவில்லை என்றீர்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்ததற்கு நன்றி. ஒவ்வொரு பேச்சுக்கும் தவறாமல் மணியடித்த தம்பிக்கும், காலையிலிருந்து ஓடியாடி ஏற்பாடு செய்த ஆசிரியர்களுக்கும் நன்றி. அந்தக் கேள்வியை விடாமல் கேட்ட எதிரணிக்கு வாழ்த்துகள். வணக்கம்.”

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மணியடித்த தம்பியைச் சொன்னது வெறும் மரியாதைக்காக அல்ல. முதல் நிமிடம் முடியும்போது ஒரு மணி, ஏழாவது முடியும்போது ஒரு மணி. இவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்க முடியும். அவன் கை தவறினால் போட்டியே தடம் மாறும். ‘ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, கண்ணால் பார்த்த ஒரு வேலையைச் சொல்வது நெஞ்சில் நிற்கும்.

இரண்டுக்கு ஒன்று என்ற முடிவில் ஒரு பெரிய சறுக்கல் காத்திருக்கிறது: தமக்கு வாக்களித்த ஒரு நடுவரை மட்டும் தனியாகப் பாராட்டுவது. மற்ற இருவரையும் குறை சொன்னதாகவே அது கேட்கும். “நேரம் போதவில்லை”, “தலைப்பு நேற்றுத்தான் கிடைத்தது” என்பவையும் நன்றிக்குள் ஒளிந்திருக்கும் புகார்கள்தாம். எதிர்ப்பக்கத்தில், “நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள்” என்று தம்மை அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொள்வதும் வேண்டாம். கூடவே உழைத்த மற்ற இருவரையும் அது சேர்த்தே தாழ்த்திவிடும். மதிப்பெண் கூட்டலில் உண்மையிலேயே ஐயம் இருந்தால், பொறுப்பாசிரியர் வழியாக ஏற்பாட்டாளரிடம் தனியே கேட்கலாம். மேடை அதற்கான இடம் அல்ல.

நடுவரின் குறிப்பு அங்கே, அப்போதுதான் கிடைக்கிறது. நன்றியுரையை முதல் நாளே மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. எனவே தொகுப்புரை முடிந்ததும் தாளையும் பேனாவையும் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.