பச்சைத் துணியும் ஒரு கழித்தல் கணக்கும்

தொலைக்காட்சியில் வானிலை சொல்பவருக்குப் பின்னால் மேகம் நகர்வதும், படத்தில் கதாநாயகன் விமானத்தின் இறக்கை மேல் நிற்பதும் பெரும்பாலும் ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் எடுக்கப்பட்டவைதான். சினிமாக்காரர்கள் அதைக் ‘கிரீன் மேட்’ என்பார்கள். துணியை நீக்கிவிட்டு அங்கே வேறொரு காட்சியை வைக்கும் வேலைக்குக் ‘கீயிங்’ என்று பெயர். சில படங்களில் நடிகரின் முடியோரம் பச்சை மினுங்கும். தோள் கத்தரியால் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். கணினியில் வேலை பார்த்தவரைத்தான் குறை சொல்லத் தோன்றும். ஆனால் பல நேரங்களில் அந்தக் குறை, விளக்கு வைத்தபோதே நேர்ந்துவிட்ட ஒன்று. ஏன் என்பது, கீயிங்கின் அடியில் இருக்கும் சின்னக் கழித்தல் கணக்கைப் பார்த்தால் புரியும்.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பச்சையின் எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழிக்க வேண்டும். இதுதான் கணக்கு. பிலிம் காலத்தில் நீலத் திரையை வைத்து இந்த வழியை வகுத்தவர் பெட்ரோ விளாஹோஸ். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படையும் இதுவே.

நன்றாக ஒளியூட்டிய துணியின் எண்கள் 60, 180, 70 என்று வைத்துக்கொள்வோம். 180-இல் 70 போக மிச்சம் 110. இதுதான் ‘முழுத் துணி’. முகத்தின் எண்கள் 200, 150, 120 என்றால், பச்சை சிவப்பைவிடக் குறைவு, மிச்சமே இல்லை. அது ‘முழு ஆள்’. நடுவில் ஒரு முடியிழை இருக்கிறது. ஒரு புள்ளியில் பாதி கருமுடி, பாதி துணி என்றால் எண்கள் ஏறக்குறைய 45, 102, 46 என்று வரும். மிச்சம் 56. அது 110-இல் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே அந்தப் புள்ளியைப் பாதி ஊடுருவும்படி வைத்துப் புதுப் பின்னணியைப் பாதி தெரியவிடுகிறது கணினி. முடி முடியாகவே தெரிகிறது.

இப்போது அதே துணியின் ஒரு மூலையில் வெளிச்சம் போதவில்லை. அங்கே எண்கள் 30, 90, 35, மிச்சம் 55. அது வெறும் துணிதான். ஆனாலும் கணினிக்கு அங்கே பாதி ஆள் நிற்பதாகப் படுகிறது. புதுப் பின்னணியின் மேல் சாம்பல் மூட்டம் படிகிறது. மூட்டத்தை நீக்க, 55-ஐயும் முழுத் துணியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அளவைத் திருகலாம். மூட்டம் போய்விடும். கூடவே 56 என்றிருந்த முடியிழையும் போய்விடும். தலையைச் சுற்றி வெட்டி ஒட்டிய கோடு வருவது இப்படித்தான்.

வெளிச்சத்தைக் கொட்டினாலும் சிக்கல் தீராது. துணி வெளிறி 190, 250, 200 ஆனால் மிச்சம் 50தான். எனவே துணி ஓரளவு வெளிச்சமாகவும் நிறம் கெடாமலும் இருக்க வேண்டும். முகத்தில் விழும் பிரதான விளக்கின் அளவுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ துணியில் வெளிச்சம் இருந்தால் போதும்.

பட்டுச்சேலை கட்டி, கூந்தலை விரித்துவிட்ட ஒரு பெண் அறிவிப்பாளரை இடுப்புவரை எடுப்பதாகக் கொள்வோம். முதலில் துணியை நான்கு பக்கமும் இழுத்துக் கிளிப் போட வேண்டும். சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு நிழல்; நிழல் ஒவ்வொன்றும் வேறு எண். பிறகு, துணிக்கென்றே இரண்டு விளக்குகள், பக்கத்துக்கு ஒன்று. ஒரே விளக்கை ஓரமாக வைத்தால், அருகிலுள்ள முனை 3 அடியிலும் எதிர்முனை 9 அடியிலும் இருக்கலாம். தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு விளக்கையும் எதிர்ப்பக்கம் நோக்கித் திருப்பி, இயன்றவரை தள்ளி வைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நடுவிலும் நான்கு மூலைகளிலும் லைட் மீட்டரால் அளக்கலாம். மூன்றில் ஒரு ஸ்டாப், அதாவது கிட்டத்தட்ட கால் பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மானிட்டரில் வேவ்ஃபார்ம் இருந்தால் அதையே பார்க்கலாம்: துணி மெல்லிய படுக்கைக்கோடாகத் தெரிய வேண்டும். கோடு சாய்ந்தால் ஒரு பக்கம் இருட்டு. தடித்தால் சுருக்கமோ திட்டோ இருக்கிறது.

அடுத்தது ‘ஸ்பில்’, ஆள்மேல் படியும் பச்சை. ஒளிபட்ட துணி தானும் ஒரு பெரிய பச்சை விளக்காகிவிடுகிறது. கன்னத்தின் நிழல் பக்கம் அந்த ஒளி பட்டு எண்கள் 40, 55, 38 ஆனால் மிச்சம் 15. அந்த இடம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஊடுருவிவிடும். பளபளப்பான பின்னணியை வைத்தால் அது கன்னத்தின் வழியே தெரியும். இதற்கு முதல் மருந்து தூரம்: துணிக்கும் ஆளுக்கும் இடையே 8 முதல் 10 அடி. இரண்டாவது, சட்டகத்துக்குள் ஆளுக்குப் பின்னால் வராத பச்சையைக் கறுப்புத் துணியால் மறைப்பது. இடுப்புவரை எடுக்கும் காட்சிக்குத் தரையில் பச்சை தேவையே இல்லை.

சேலை கிளிப்பச்சை என்றால் துணியை நீலமாக மாற்ற வேண்டும். 2002-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தில் பச்சை உடை அணிந்த வில்லனுக்கு நீலத் திரையும், நீலமும் சிவப்பும் அணிந்த நாயகனுக்குப் பச்சைத் திரையும் வைத்தார்கள். ஜரிகையும் மூக்குக் கண்ணாடியும் பச்சையை அப்படியே திருப்பிக் காட்டும். ஆளைச் சற்றுத் திருப்பி நிறுத்தினால் பாதி சரியாகும். மீதி இடத்தைக் கணினியில் கையால் மூடிக் காக்க வேண்டும்.

மிஞ்சும் ஸ்பில்லை மென்பொருள் குறைக்கும். பச்சையை மற்ற இரண்டில் பெரியதற்கு மேல் போகவிடாது. 40, 55, 38 என்பது 40, 40, 38 ஆகும். பச்சை நிறம் நீங்கிவிடும். ஆனால் துணியிலிருந்து வந்த வெளிச்சம் கன்னத்தில் அப்படியே இருக்கும். ஸ்பில் அதிகமானால் ஓரம் சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான்.

கேமராவிலும் ஒரு கண் வேண்டும். பல கேமராக்கள் கோப்பின் அளவைக் குறைக்க 4:2:0 முறையில் பதிகின்றன. அதில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான். கீயிங் நிறத்தை நம்பியே நடப்பதால் ஓரம் படிக்கட்டாகும். 4:2:2 இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கேமராவே படத்தைக் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது ஆளைச் சுற்றிப் பொய்க்கோடு வரையும்.

கணினியில், முதலில் ஆளைச் சுற்றித் தோராயமாகக் கோடு போட்டு, அதற்கு வெளியே உள்ள துணி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் நீக்குவார்கள். துணியின் நிறத்தை மூலையிலிருந்து எடுக்காமல் முகத்துக்கும் முடிக்கும் அருகில் எடுப்பார்கள். பிறகு இரண்டு கீ: முடிக்கு மென்மையான ஒன்று, உடலில் ஓட்டை விழாமல் அடைக்க, ஓரத்தைத் தொடாத கடினமான இன்னொன்று. ஒரே கீயால் இரண்டையும் சாதிக்கப் பார்க்கும்போதுதான் முடி பலியாகிறது.

இவற்றையெல்லாம் படப்பிடிப்பு இடத்திலேயே சோதித்துவிடலாம். அறிவிப்பாளரை ஒருமுறை தலையைத் திருப்பச் சொல்லிப் பத்து வினாடி எடுத்து, மடிக்கணினியில் கீ செய்து, கறுப்பு வெள்ளை மேட்டை மட்டும் பாருங்கள். அதன் பிரகாசத்தைக் கூட்டினால் ஒளிந்திருக்கும் சாம்பல் வெளியே வரும். மூலையில் சாம்பல் தெரிந்தால் விளக்கை நகர்த்துங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய முகத்தில் தெரிந்தால் ஆளை இன்னும் இரண்டடி முன்னே வரச் சொல்லுங்கள். விளக்கை இறக்கிய பிறகு இந்த இரண்டையும் செய்ய முடியாது.