வெளுத்த நிலமும் சாய் குழிகளும்

பாலைவனம் ஊர்ந்து வந்து பயிர்நிலத்தை விழுங்குகின்றது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சகாராவுக்குத் தெற்கே, புர்க்கினா பாசோ நாட்டின் வடபாலுள்ள யதெங்காவில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு மணல் வந்து மூடவில்லை. நிலம் இருந்த இடத்திலேயே இறுகிப்போயிற்று.

முன்னர் அப்பகுதி உழவர் சில ஆண்டுகள் இறுங்கும் கம்பும் விளைவித்தபின், நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டனர். குடிசனம் பெருகவே அவ்வோய்வு சுருங்கிற்று. தாளும் சருகும் அடுப்புக்கும் ஆடுமாடுகளுக்கும் சென்றன. மூடுவாரற்ற மண்மீது மழைத்துளி நேரே மோதும்போது கட்டிகள் உடைகின்றன. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகுகின்றன. பின்னர் பெய்யும் மழை உள்ளிறங்காது, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகின்றது. இத்தகைய நிலத்தை அங்குள்ள மொசி மக்கள் 'சிப்பெலே' என்பர். வெளுத்த இடம் என்பது பொருள். இதனை இனங்காண்பது எளிது: பெருமழை ஓய்ந்தபின் ஒரு சாண் தோண்டினால் அடியில் உலர்ந்த மண்ணே கிடைக்கும். 1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சி இக்கேட்டைக் கடுமையாக்கிற்றேயன்றி, அதற்குத் தனிக்காரணமன்று என்பதே நம் கருத்து.

ஆகவே பரிகாரமும் அவ்வோட்டை உடைப்பதிலேயே தொடங்குகின்றது. யகூபா சவடோகோ என்னும் உழவர் 1980ஆம் ஆண்டையொட்டி, 'சாய்' எனப்படும் பழைய குழிமுறையைத் திருத்திக் கையாண்டார். கோடையில், மழைக்கு முன்னரே, 20 முதல் 40 சென்ரிமீற்றர் அகலமும் 10 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழமுமான குழிகளை வரிசையாகத் தோண்டி, தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்புறத்தில் பிறைபோல் அணைப்பர். ஓடிவரும் நீரை அவ்வணை தடுத்துக் குழியில் நிறுத்தும். குழியிலிடும் எருவை நாடிக் கறையான் வரும். நாம் பகையென்று கருதும் அச்சிற்றுயிர் அங்கு உழவனுக்குக் கூலியில்லா வேலையாள். அது அகழும் வளைகளின் வழியே நீர் ஆழத்துக்கு இறங்குகின்றது. முதல் நல்ல மழையுடன் குழியிலேயே விதைப்பர். எருவோடு வந்த மரவித்துக்களும் அங்கு முளைக்கும். அவற்றைக் களையாது காத்ததனாலேயே சவடோகோவின் பாழ்நிலம் நாளடைவில் காடாயிற்று.

குழிகளுக்குத் துணையாகச் சமமட்டக் கோட்டில் கல்வரிசைகளும் இடப்பட்டன. அக்கோட்டைக் கண்ணளவால் பிடித்தல் அரிது. தவறினால், தாழ்ந்த இடத்தில் நீர் திரண்டு கற்களைப் புரட்டிவிடும். 1979இல் ஒக்ஸ்பாம் அங்கு தொடங்கிய திட்டத்தில், நீர் நிரப்பிய நீண்ட ஒளிபுகு குழாய் ஒன்றே மட்டம் பார்க்கப் போதுமாயிற்று. குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்குமாதலால், எழுத்தறியாதாரும் அதனை விரைவிற் கற்றனர்.

எனினும் இம்முறை எங்கும் செல்லாது. தளர்ந்த மணலில் குழி தூர்ந்துவிடும். மழை மிகுந்தால் நீர் தேங்கிப் பயிர் அழுகும். ஒரு ஹெக்டேயர் தோண்ட ஒருவருக்கு 300 மணித்தியாலமேனும் வேண்டும். மாடில்லாத வீட்டார் எருவுக்குப் பிறரை எதிர்பார்த்தே நிற்பர். அங்கு குழிகள் மேலும் பெருகாமைக்கு உழைப்பின் அருமையைப் போலவே எருவின் அருமையும் காரணமாயிற்று.