200 பெட்டி இருக்கும்போதே ஆர்டர்

கோயம்புத்தூரில் ஹோட்டல்களுக்கும் கேண்டீன்களுக்கும் உறைநிலைப் பட்டாணி வழங்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறைக்குள் மைனஸ் 18 டிகிரி. தினமும் 40 பெட்டி வெளியே போகிறது, ஞாயிற்றுக்கிழமை உட்பட. சரக்கு வட இந்தியாவிலிருந்து குளிர்சாதன லாரியில் வருகிறது. ஆர்டர் போட்டால் வந்து இறங்க 5 நாள் ஆகும். ஒரு லோடு 480 பெட்டி.

எப்போது ஆர்டர் போடுவது என்பதற்குக் கணக்கு எளிது. லாரி வரும் வரை 5 நாள் சமாளிக்க வேண்டும். நாளுக்கு 40 வீதம் 200 பெட்டி. இருப்பு 200-ஐத் தொட்ட அன்று காலையே ஆர்டர் போய்விட வேண்டும். இதைத்தான் மறு ஆணை நிலை என்கிறார்கள். திங்கள் காலை 200 இருந்தால், வெள்ளி இரவு கடைசிப் பெட்டி தீரும். சனி காலை லாரி வந்து நிற்கும்.

இந்தக் கணக்கில் லோடின் அளவான 480 எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய லோடாக எடுப்பவர்கள் நிறைய வாங்கியிருக்கிறோமே என்று ஆர்டரைத் தள்ளிப்போடுவது உண்டு. அது தவறு. 480 எடுத்தாலும் 960 எடுத்தாலும் லாரி வர அதே 5 நாள்தான். 200-லேயே ஆர்டர் போட்டாக வேண்டும்.

லோடின் அளவு முடிவு செய்வது வேறொன்றை. சரக்கு இறங்கிய காலை இருப்பு 480. தினமும் 40 குறைந்து 12 நாளில் பூஜ்யம். உடனே அடுத்த லோடு, மறுபடியும் 480. இதை வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். இப்படி ஏறி இறங்கும் சரக்குக்குச் சுழற்சி இருப்பு என்று பெயர். அதன் சராசரி 480-இல் பாதி, அதாவது 240 பெட்டி.

சரக்கில் முடங்கும் பணத்தைச் சராசரியை வைத்துக் கணக்கிடலாம். ரேக்குகளில் வேண்டிய இடத்தை அப்படிக் கணக்கிட முடியாது. லாரி வந்த காலை 480 பெட்டிக்கும் இடம் வேண்டும். இரண்டு நாள் கழித்துக் காலியாகிவிடும் என்று சொல்லி, உறைந்த சரக்கை வராந்தாவில் அடுக்கிவைக்க முடியாது.

அதே கிடங்கில் உறைநிலைச் சோளமும் இதே அளவில், இதே 12 நாள் சுழற்சியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லாரிகளும் ஒரே நாளில் வந்தால் 960 பெட்டிக்கு இடம் தேவை. சோள லாரியை 6 நாள் தள்ளி வரச்சொன்னால், பட்டாணி 480 இறங்கும்போது சோளம் 240-தான் இருக்கும். மொத்தம் 720. வாங்குவதும் விற்பதும் மாறவில்லை, சராசரி இருப்பும் மாறவில்லை. ஆனால் குளிரூட்டிய அறையில் 240 பெட்டிக்கான இடம் மிச்சமாகிறது.

இனி, எங்கே தவறும் என்று பார்ப்போம். சப்ளையர் சொன்ன 5 நாள், வேலை நாட்களாக இருக்கலாம். திங்கள் காலை போட்ட ஆர்டருக்கு நடுவில் ஞாயிறு வராது. சனி காலை சரக்கு வந்துவிடும். 12 நாள் கழித்து அடுத்த ஆர்டர் சனிக்கிழமையில் விழுகிறது. இப்போது நடுவில் ஞாயிறு வருவதால், லாரி வெள்ளி காலைதான் வரும். அதற்குள் ஆறு நாள் விற்பனை, 240 பெட்டி. கையில் இருந்தது 200. வியாழக்கிழமை முழுவதும் பட்டாணி இல்லை. ஒருமுறை சரியாக வந்து மறுமுறை பற்றாக்குறை வருவதால், பழி லாரிமீது விழும். உண்மையில், விற்பனை காலண்டர் நாளிலும் வரத்து வேலை நாளிலும் எண்ணப்படுகின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு லோடு இறங்குவதற்கு முன்னும் எத்தனை பெட்டி மீதி, அல்லது எத்தனை நாளாகச் சரக்கு இல்லை, ஆர்டர் போட்ட கிழமை எது என்று குறித்துவாருங்கள். ஒவ்வொரு முறையும் 40 மீதியானால் வரத்துக்கு 4 நாள்தான் ஆகிறது என்று தெரிந்துவிடும். சில கிழமைகளில் மட்டும் தட்டுப்பாடு வந்தால் விடுமுறைதான் காரணம்.

அந்த ஒரு நாள் தாமதத்துக்காக 40 பெட்டியைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அப்போது மறு ஆணை நிலை 240 ஆகும். தாமதமில்லாமல் லாரி வந்தால் உச்ச இருப்பு 520. ரேக் இடமும் அதற்கேற்ப வேண்டும். இன்னொன்றும் மாறுகிறது. முன்பு லாரி வரும்போது அறை காலியாக இருந்ததால் பழைய பெட்டி என்ற பேச்சே இல்லை. இப்போது பழைய 40 பெட்டி உள்ளே இருக்கும். புதிய லோடை அவற்றுக்கு முன்னால் அடுக்கினால், அதே 40 பெட்டி மாதக்கணக்கில் பின்னாலேயே கிடந்து காலாவதியாகும். ஆகவே சரக்கு இறக்கும் முன் பழைய பெட்டிகளைக் கதவோரம் நகர்த்த வேண்டும். வெளியே போகும் முதல் 40 அவையாகவே இருக்க வேண்டும்.