காதோடு காதாகச் செல்லும் செய்தி

ஒவ்வொரு கந்தோரிலும் செய்தி செல்லும் வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, மேலதிகாரியின் கையொப்பத்துடன் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் சுற்றுநிருபத்தின் வழி. மற்றது, தேநீர் வேளையிலும் மாடிப்படியிலும் ஒருவர் காதிலிருந்து மற்றொருவர் காதுக்குச் செல்லும் வழி. முன்னதற்கு இலக்கமும் தேதியும் உண்டு. பின்னதற்கு இவை எவையும் இல்லை. ஆயினும், பெரும்பாலும் முந்திச் சென்று சேர்வது அதுவே.

இந்த இரண்டாவது வழியை ஆங்கிலத்தில் ‘கிரேப்வைன்’, அதாவது திராட்சைக்கொடி என்பர். 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, படையினர் தந்திக் கம்பிகளை மரத்துக்கு மரம் தொங்கவிட்டுக் கட்டினர் என்றும், அவை திராட்சைக் கொடிபோலக் காட்சியளித்தன என்றும், அவற்றின் வழியே வந்த செய்திகள் அடிக்கடி சிதைந்து வந்தமையால் உறுதியற்ற செய்திக்கு அப்பெயர் வழங்கலாயிற்று என்றும் சொல்லப்படுகிறது.

இக்கொடி எவ்வாறு படர்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவருள் முக்கியமானவர் கீத் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். தோற்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில், நிர்வாகப் பொறுப்பிலிருந்த 67 பேரிடையே அவர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1953ஆம் ஆண்டில் வெளியாயின. அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒரு செய்தி பரவிய உடனே அனைவருக்கும் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். இச்செய்தி உங்களுக்குத் தெரியுமா? அதன் எந்தப் பகுதி தெரியும்? யாரிடமிருந்து முதலிற் கேட்டீர்கள்? எங்கே, எப்போது கேட்டீர்கள்? இவ்விடைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, செய்தி நடந்து சென்ற பாதை படம்போலத் தெரிந்தது.

செய்தி சங்கிலியின் கண்ணிகள்போல ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்கிறது என்றே பொதுவாக எண்ணப்பட்டது. டேவிஸ் கண்டது வேறு. ஒருவர் மூவருக்கோ நால்வருக்கோ சொல்கிறார். அவர்களுள் ஒருவரோ இருவரோதான் அதனை மேலும் சிலருக்குச் சொல்கின்றனர். எஞ்சியோர் கேட்டதோடு நின்றுவிடுகின்றனர். கொடி கொத்துக் கொத்தாகவே படர்கிறது. ஓர் அதிகாரி வேலையை விட்டு விலகிக் காப்புறுதித் தொழிலுக்குச் செல்லவிருந்தார். அச்செய்தி நூற்றுக்கு 81 பேருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதனை மற்றவர்க்குச் சொன்னவர்கள் நூற்றுக்கு 11 பேரே. அதாவது, 67 பேரில் ஏறத்தாழ ஐம்பத்து நால்வரின் காதுக்குச் செய்தியைக் கொண்டு சென்றவர்கள் ஏழு பேரளவில்தான்.

இந்த ஏழு பேர் பிறவியிலேயே வம்பளப்போர் என்று கருதலாகாது. செய்திக்குச் செய்தி, அதனைச் சுமந்து செல்வோரும் மாறினர். எவருடைய வேலையோடு அல்லது நட்போடு செய்தி தொடர்புற்றதோ, அவரே அதனைப் பரப்பினார். ஆகவே, ‘வதந்தி பரப்புவோன்’ ஒருவனைத் தேடிப் பிடித்துத் தண்டித்தால் கொடி பட்டுவிடும் என எண்ணும் நிர்வாகி ஏமாற்றமே அடைவார். அடுத்த செய்தி வேறொரு கிளையிற் படரும். அன்றியும், அன்று முதல் அவர் வரும்போது எல்லோரும் வாய்மூடிக்கொள்வர். ஊழியர் மனநிலையை அறியும் வழியொன்று அவருக்கு அடைபட்டுவிடும்.

காதுவழி வருவன யாவும் பொய்யென்பதும் தவறு. சர்ச்சைக்கு இடமில்லாத அன்றாட விடயங்களில், இவ்வழி வரும் விவரங்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை சரியானவையே என டேவிஸ் பின்னர் எழுதினார். ஆயின் அபாயம் எங்கே உள்ளது? ஆதாரமில்லாத செய்தியாகிய வதந்தியிலே உள்ளது. 1947ஆம் ஆண்டில் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் உளவியலறிஞர் இருவர் வதந்தி பற்றி ஒரு விதியைக் கூறினர். விடயம் கேட்போருக்கு எவ்வளவு முக்கியமானது, அதுபற்றிய உண்மை எவ்வளவு தெளிவற்றது என்னும் இரண்டின் பெருக்கமே வதந்தியின் வலிமை என்பது அவர்கள் கருத்து. இங்கே கூட்டலன்று, பெருக்கல் என்பதே கவனிக்கத்தக்கது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. ஒருவனுடைய வேலையும் சம்பளமும் அவனுக்கு முக்கியமற்றவை ஆக மாட்டா. ஆகவே நிர்வாகி கைவைக்கக்கூடியது மற்றதில்தான்: தெளிவின்மையைக் குறைத்தல்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தொழிற்சாலையின் பொதியிடும் பகுதியில் 40 பேர் வேலை செய்கின்றனர் எனக் கொள்க. ஒருநாள் அந்நியர் இருவர் வந்து தரையை அளந்து செல்கின்றனர். புதிய பொதியிடும் இயந்திரம் ஆறு மாதத்தில் வரும் என்பதும், 12 பேர் அதே சம்பளத்தில் வேறு பகுதிக்கு மாற்றப்படுவர் என்பதும் நிர்வாகத்தின் தீர்மானம். இரவு வேலை தொடருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. இதில் ஒரு துண்டு வெளியே கசிகிறது. முதலில் ‘ஆறு மாதம்’ உதிர்கிறது. பின்னர் ‘அதே சம்பளம்’ உதிர்கிறது. ‘பன்னிரண்டு பேர்’ என்பது மட்டும் கூர்மையடைகிறது. ‘மாற்றம்’ என்பது, கேட்போர் உள்ளத்தில் முன்பே இருந்த அச்சத்தோடு கலந்து, ‘நீக்கம்’ ஆகிவிடுகிறது. மாலை மணி அடிப்பதற்குள், பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்பதே பேச்சு.

நிர்வாகி இதனை எவ்வாறு அறிவார்? மேற்பார்வையாளரிடம் ஊழியர் சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்விகளே முதல் அறிகுறி. ‘எங்கள் பகுதியில் யார் யார் சேவையில் மூத்தவர்?’ என்று ஒரே வாரத்தில் மூவர் விசாரித்தால், அது வெறும் ஆவலன்று. அவர்கள் கேட்பது மூப்புப் பட்டியலை. அஞ்சுவது வேலை இழப்பை. வதந்தியின் சொல் பொய்யாயினும், அதன் அடியிலுள்ள அச்சம் உண்மையானது. அதனைப் படித்தறிவதே நிர்வாகியின் முதல் வேலை.

அடுத்து, மேற்பார்வையாளருக்கு அன்று காலையிலேயே முழு விவரமும் சொல்லப்படல் வேண்டும். ஊழியர் முதலில் கேட்பது அவர்களிடமே. ‘எனக்கும் ஒன்றும் தெரியாது’ என்று அவர்கள் சொன்னால் வதந்திக்கு அதுவே சான்றாகிவிடும். பின்னர் அதே நாளில் நாற்பது பேரையும் கூட்டி, நேரிற் சொல்ல வேண்டும். அப்போது ‘ஆட்குறைப்பு என்று பேசுகிறார்களாமே, அது பொய்’ எனத் தொடங்குதல் கூடாது. கேளாதவனும் அப்போது கேட்டுவிடுவான். கேட்டவனுக்கோ அந்தச் சொல்லே நினைவில் நிற்கும். ‘இயந்திரம் ஆறு மாதத்தில் வரும், பன்னிரண்டு பேர் அதே சம்பளத்தில் மற்றப் பகுதிக்குச் செல்வர், அவர்கள் இன்ன முறைப்படி தெரிவு செய்யப்படுவர்’ என்று உண்மையையே முன்வைத்தல் வேண்டும். பின்னரே எழுத்தில் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும்.

முடிவாகாத விடயத்தை என்ன செய்வது? மறைத்தலும் தவறு, நம்பிக்கைக்காக ஏதேனும் சொல்லி வைத்தலும் தவறு. ‘இரவு வேலை பற்றி இன்னும் முடிவு இல்லை, வரும் 15ஆம் தேதி சொல்லப்படும்’ எனல் வேண்டும். அந்தத் தேதியில் முடிவு கிடையாவிடினும், அதையே சொல்ல நிர்வாகி வந்து நிற்க வேண்டும். வராதுவிட்டால், அன்று பிற்பகலே கொடி துளிர்க்கும்.

இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. ஆட்குறைப்பு உண்மையாகவே தீர்மானிக்கப்பட்டிருப்பின், எந்தச் சொல்லாலும் வதந்தியை அணைக்க இயலாது. அது வதந்தியன்று, முந்திவந்த செய்தி. அதனை மறுக்கும் நிர்வாகி ஒரு வாரத்து அமைதியைப் பெறலாம். ஆனால் அடுத்த முறை அவர் உண்மையையே சொன்னாலும், ஊழியர் அதனைச் சரிபார்க்கத் தேநீர்ச்சாலைக்கே செல்வர்.

நல்ல செய்தித்தொடர்பு நிலவினால் காதுவழிப் பேச்சு அற்றுப்போகும் என்பதும் இல்லை. டேவிஸ் ஆராய்ந்த நிறுவனத்தில், முறையான செய்தி சுறுசுறுப்பாகச் சென்ற இடங்களிலேயே காதுச் செய்தியும் சுறுசுறுப்பாக இருந்தது. ஒன்று அடங்கிய இடத்தில் மற்றதும் அடங்கியே கிடந்தது. அறிவித்தலைக் கேட்ட ஊழியர் அதனைத் தம்முள் பேசி, தம் நிலைக்கு அதன் பொருள் யாதென ஆராய்வது இயல்பே. அந்தப் பேச்சு உண்மையை வைத்து நடக்கிறதா, ஊகத்தை வைத்து நடக்கிறதா என்பதே நிர்வாகியைப் பொறுத்தது.