முகூர்த்தம் 9 மணிக்கு... நீங்க இன்னும் புளியங்குடியில! கல்யாண வீட்டுக்கு என்ன மெசேஜ் அனுப்புவீங்க?

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணாத்தான் வரும். 2024 டிசம்பர் இரண்டாவது வாரம், அதாவது கார்த்திகைக் கடைசியில், தென்காசி மாவட்டத்தில் கொட்டிய மழையில் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் பெருக்கெடுத்தது ஞாபகம் இருக்கலாம். அப்படி ஒரு நாளில் மதுரையிலிருந்து குற்றாலத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். புளியங்குடி தாண்டினதும் ரோட்டில் தண்ணி. போலீஸ் வண்டிகளைத் திருப்பி, சங்கரன்கோவில், சுரண்டை வழியா போகச் சொல்றாங்க.

உடனே கை டைப் பண்றது என்ன? ‘மாமா, வழியில மாட்டிக்கிட்டோம்!’ தாலி கட்டுற நேரத்தில் பொண்ணோட அப்பா இதைப் படிச்சா, முதல்ல நினைக்கிறது ஆக்சிடென்ட்டைத்தான். பதறிப்போய் திரும்பக் கூப்பிடுவார். உங்களுக்கு சிக்னல் இருக்காது. அதனால முதல் வரியிலேயே எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லிடுங்க. காரணம் அடுத்த வரியில் வரட்டும்.

இன்னொண்ணு, ‘பக்கத்துல வந்துட்டோம்’ங்கிற பொய். அதை நம்பி பந்தியில் உங்களுக்கு நாலு இலை பிடிச்சு வெச்சிருப்பாங்க. மேப் 12.30-னு காட்டினாலும், திருப்பிவிட்ட லாரி, பஸ் எல்லாம் அதே சின்ன ரோட்டில்தான் உங்களோட ஊர்ந்து வரும். ஒரு மணி நேரம் கூட்டி, 1.30-னு சொல்லுங்க. முன்னாடியே போய் நின்னா யாரும் கோச்சுக்கப் போறதில்லை.

மெசேஜ் இப்படி இருக்கலாம்:

‘மாமா, நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம். புளியங்குடி பக்கம் ரோட்டுல தண்ணி, சங்கரன்கோவில் வழியா சுத்தி வர்றோம். முகூர்த்தத்துக்கு வர முடியாது, மன்னிச்சுக்கோங்க. மண்டபத்துக்கு வர 1.30 ஆகும். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், சாப்பாடும் எடுத்துவைக்க வேண்டாம். கூப்பிட வேண்டாம் மாமா, நேர்ல பார்க்கலாம்.’

இதை மாமாவுக்கு மட்டும் அனுப்பினா பத்தாது. அவர் போன் அந்நேரம் யாரோ ஒருத்தர் பையில் கிடக்கும். வரவேற்பில் நிக்கிற மச்சானுக்கோ, பந்தியைப் பார்த்துக்கிற அண்ணனுக்கோ அதையே அனுப்புங்க. வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடவே நின்னா சாதா எஸ்.எம்.எஸ். போட்டுடுங்க. வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். நாதஸ்வரம், தவில் சத்தத்தில் யார் கேட்பாங்க? லைவ் லொக்கேஷனும் மச்சானுக்குப் போதும். மாமா மேடையில் உட்கார்ந்து உங்க காரைப் பார்த்துட்டு இருக்கணுமா என்ன?

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு. மாலையோ, சீர்ப் பொருளோ, முகூர்த்தப் புடவையோ உங்க வண்டியில் இருந்தா மெசேஜை மறந்துடுங்க. ரோடு மூடியிருக்குன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே மச்சானுக்குப் போன் பண்ணுங்க. மாலைன்னா, தென்காசி பூக்கடையில் வேற வாங்கிக்க அவங்களுக்கு நேரம் வேணும்.