விருந்தினராக ஒரு செக்குக்காரர்

"எங்கள் முதலாளி வெற்றிகரமான தொழிலதிபர், அவரைப் பேட்டி எடுங்கள்." பாட்காஸ்ட் நடத்துபவர்கள் இப்படி வரும் மின்னஞ்சல்களைப் பெரும்பாலும் பாதியிலேயே மூடிவிடுவார்கள். தன் நேயருக்கு அதில் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு நடத்தும் ஒருவரை, குடும்பச் செலவு பற்றிய நிகழ்ச்சிக்குப் பரிந்துரைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதில் நான்கைந்து பகுதிகளைக் கேட்க வேண்டும். மளிகைக் கணக்குப் போடுகிற நேயர்களிடம் அவர் தொழில் தொடங்கிய கதை எடுபடாது. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ கடலைப்பருப்பு தேவை. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், பருப்பு விலைக்கும் மிகக் கீழே 'செக்கு எண்ணெய்' விற்பது எப்படி? இந்தத் தலைப்பு எடுபடும். சிறுதொழில் நிகழ்ச்சி என்றால் அதே மனிதர் கடைகளுக்குக் கடன் கொடுத்துப் பணம் வசூலிப்பதைப் பற்றிப் பேசலாம்.

மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே அந்தக் கேள்வியைப் போடுங்கள். உள்ளே, கேட்ட ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, அதில் விடுபட்டதை இவர் எப்படி நிரப்புவார் என்று இரண்டு வரி. கூடவே அவர் பேசிய சிறு ஒலிப்பதிவு. நன்றாகத் தொழில் தெரிந்தும் மைக் முன்னால் வாயடைத்துப்போகிறவர்கள் உண்டு. நடத்துபவரின் பயம் அதுதான்.

"விளம்பரக் கட்டணம் இவ்வளவு" என்று பதில் வந்தால், கடிதத்தில் சரக்கின் பெருமை தூக்கலாக இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.