தகடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி

1837இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரே அளவில் இரண்டு கருவிகளைச் செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் கோளத்துக்குள் இன்னொரு பித்தளைக் கோளம், இடையில் காற்று. ஒன்றுக்கு மின்னூட்டம் ஏற்றி மற்றதோடு தொடவைத்தால் மின்னூட்டம் இரண்டிலும் சமமாகப் பிரியும். மின்னழுத்தம் பாதியாக இறங்கும். பிறகு அந்த இரண்டாவது கருவியின் கீழ்ப்பாதியில் மட்டும் அரக்கை நிரப்பினார். இம்முறை மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. அரக்கு இருந்த கருவி கூடுதல் மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

எதிரெதிராக நிற்கும் இரண்டு உலோகப் பரப்புகள்தான் மின்தேக்கி. ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் ஏற்கிறது என்பது அதன் மின்தேக்குத்திறன். அரக்கு, கண்ணாடி போன்ற மின்காப்புப் பொருளில் மின்னோட்டம் பாயாது. ஆனால் தகடுகளின் மின்புலம் அதன் மூலக்கூறுகளில் உள்ள நேர், எதிர் மின்னூட்டங்களைச் சற்றே விலக்கி நிறுத்துகிறது. அந்த விலகல் ஓர் எதிர்ப்புலத்தை உண்டாக்கி மூலப் புலத்தைக் குறைக்கிறது. அதனால் அதே மின்னழுத்தத்தில் தகடுகள் இன்னும் மின்னூட்டம் ஏற்கின்றன. கண்ணாடியில் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு.

10 மில்லிமீட்டர் இடைவெளியும் காற்றில் 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறனும் உள்ள இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்வோம். தகடுகளின் பரப்பில் பாதியை மட்டும் நிரப்பும்படி கண்ணாடியைச் செருகினால், காற்றுள்ள பாதி 50, கண்ணாடியுள்ள பாதி 250. இரண்டுக்கும் தகடுகள் பொது, மின்னழுத்தமும் பொது. இதுதான் பக்க இணைப்பு. கூட்டினால் போதும்: 300 பிகோஃபாரட். ஃபாரடேயின் அரக்கும் இதே நிலையில்தான் இருந்தது.

அதே அளவு கண்ணாடியை 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையாக்கி, பரப்பு முழுவதற்கும் விரித்தால் கதை மாறுகிறது. காற்று அடுக்கு 200, கண்ணாடி அடுக்கு 1000 பிகோஃபாரட். ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் இது தொடரிணைப்பு. இரண்டிலும் மின்னூட்டம் ஒன்றே, மின்னழுத்தம்தான் பிரிகிறது. தலைகீழ் எண்களைக் கூட்டி, மீண்டும் தலைகீழாக்கினால் 167 பிகோஃபாரட்தான் வருகிறது. கண்ணாடிக்குப் பதில் இரும்புப் பலகையையே வைத்தாலும் 200ஐத் தாண்டாது, ஏனென்றால் மிச்சமிருக்கும் காற்று அடுக்கு அதற்குமேல் விடாது.

சேமித்த ஆற்றலைக் கணக்கிட ½CV² போதும். ஆனால் பேட்டரி இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்னூட்டம் ஏற்றிப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இடைவெளி முழுவதையும் கண்ணாடியால் நிரப்பினால், மின்னூட்டம் அப்படியே நிற்க, மின்னழுத்தம் ஐந்தில் ஒன்றாகிறது. ஆற்றலும் ஐந்தில் ஒன்றாகிறது. மீதி ஆற்றல் தொலைந்துபோகவில்லை. விளிம்பில் வளைந்து நிற்கும் மின்புலம் கண்ணாடியை உள்ளே இழுக்கிறது. செருகும் கை அந்த இழுப்பை உணரும். பேட்டரி இணைந்தே இருந்தால், பழைய ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் சேமிப்பு ஐந்து பங்காகிறது. இதற்குப் பேட்டரி எட்டுப் பங்கு தர வேண்டியிருக்கிறது: நான்கு சேமிப்பில் சேர, நான்கு கண்ணாடியை இழுப்பதில் செலவாகிறது.

தொடரிணைப்பில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே தகடுகளுக்கு 24,000 வோல்ட் கொடுத்தால், 10 மில்லிமீட்டர் காற்று தாங்கிக்கொள்ளும். அது முறிய ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்று அந்த 5 மில்லிமீட்டர் கண்ணாடியைச் செருகினால், மின்தேக்குத்திறன் குறைவான அடுக்கு அதிக மின்னழுத்தத்தை ஏற்கும் என்ற விதிப்படி காற்றுக்கு 20,000, கண்ணாடிக்கு வெறும் 4,000 வோல்ட் போகிறது. 5 மில்லிமீட்டர் காற்று 20,000 வோல்ட்டைத் தாங்காது. வலுவான பொருளைச் சேர்த்ததால் பலவீனமான அடுக்கு முறிகிறது. கண்ணாடி குறுக்கே நிற்பதால் முழு மின்பொறி பாயாது; ஆனால் மாறுதிசை மின்னழுத்தமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் காற்று மீண்டும் மீண்டும் முறியும். மெல்லிய சீறல் கேட்கும், ஊதா ஒளி தெரியும், ஓசோன் மணம் வரும். வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857இல் ஓசோன் தயாரிக்க இதையே பயன்படுத்தினார்.

உயர் அழுத்தக் கேபிளின் காப்பில் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழியிலும் இதுவேதான் நடக்கிறது. சுற்றியுள்ள திடப்பொருளைவிடக் குமிழியில் மின்புலம் அதிகம். அது உள்ளுக்குள்ளேயே முறிந்து முறிந்து சுவரை அரிக்கிறது. மரக்கிளைபோல் பிரியும் மெல்லிய தடங்கள் காப்புக்குள் வளர்ந்து, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒருநாள் கேபிள் வெடிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் சோதனைக்கூடத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி, குமிழி முறியும்போது வரும் நுண்ணிய மின்துடிப்புகளைப் பிகோகூலும் கணக்கில் அளக்கிறார்கள். காகிதத்தைக் காப்பாகக் கொண்ட மின்தேக்கிகளையும் வெற்றிடத்தில் உலர்த்தி, காற்று முழுவதையும் உறிஞ்சியெடுத்த பிறகே எண்ணெயை உள்ளே விடுகிறார்கள்.